பன்னிரண்டு பேர் அலுவலகத்துக்கு ஒரு பக்க விடுப்புப் படிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மொத்தமே பன்னிரண்டு பேர். வாயால் சொல்லிவிட்டுப் போனால் போதாதா?

அனுமதி வாங்க வாய் வார்த்தை போதும். ஆண்டுக் கடைசியில் "எனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே" என்று ஒருவரும் "இல்லை, ஒன்றுதான்" என்று முதலாளியும் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை. பிப்ரவரியில் எடுத்த ஒரு அரை நாள் ஒருவருக்கு நினைவிருக்கிறது, மற்றவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

முன்பு நான் கணக்குப் பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். மீதி விடுப்புக்குக் காசு தர வேண்டியிருந்தது. மேசை நாட்காட்டியில் பென்சிலால் போட்ட வட்டங்களைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. அந்த வட்டம் விடுப்பையா, வெளி வேலையையா குறிக்கிறது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. கடைசியில் அவர் சொன்ன எண்ணையே ஒப்புக்கொண்டோம். அன்றிலிருந்து விடுப்புப் படிவத்தை நான் கணக்குச் சீட்டாகத்தான் பார்க்கிறேன். பணம் கொடுத்தால் ரசீது போடுகிறோம். சம்பளத்தோடு கூடிய ஒரு நாளும் பணம்தான்.

படிவத்தில் என்னென்ன கட்டங்கள் வைக்க வேண்டும்?

கட்டங்களை யோசிக்கும் முன், இந்தத் தாள் எத்தனை கைகளுக்குப் போகிறது என்று பாருங்கள். விடுப்பு கேட்பவர், இருப்பைச் சரிபார்ப்பவர், முடிவு சொல்பவர் என்று மூன்று பேர். ஆகவே தாளையும் மூன்று பகுதியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒருவருடைய பகுதியில் இன்னொருவர் எழுதக்கூடாது. இந்த ஒரு விதி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

முதல் பகுதி கேட்பவருடையது. பெயர், ஊழியர் எண், விண்ணப்பிக்கும் தேதி, விடுப்பின் வகை, விடுப்பின் முதல் நாள், விடுப்பின் கடைசி நாள், வேலைக்குத் திரும்பும் நாள், அரை நாள் உண்டா, அந்த நாட்களில் வேலையை யார் பார்த்துக்கொள்வார். இவ்வளவுதான். பன்னிரண்டு பேருக்கு ஊழியர் எண் எதற்கு என்று தோன்றும். ஒரே பெயரில் இன்னொருவர் சேரும் நாள் வரும். அது வராவிட்டாலும், ஒருவர் பெயரையே முதலெழுத்தோடும் இல்லாமலும் இரண்டு விதமாக எழுதினால் கணினி இரண்டு ஆட்களாக எண்ணிவிடும்.

"எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை" என்று மட்டும் கேட்காதீர்கள். "திங்கள் வரை லீவு" என்று ஒருவர் எழுதினால் திங்களும் விடுப்பா, திங்களன்று வந்துவிடுவாரா என்று தெரியாது. எழுதியவர் ஒன்று நினைத்திருப்பார், படிப்பவர் வேறொன்று நினைப்பார். அதனால்தான் "விடுப்பின் கடைசி நாள்" என்று ஒரு கட்டம், "வேலைக்குத் திரும்பும் நாள்" என்று இன்னொரு கட்டம். கேட்டதையே திரும்பக் கேட்பது போல இருந்தாலும், இரண்டும் பொருந்தவில்லை என்றால் தவறு அங்கேயே கண்ணில் படும்.

இரண்டாம் பகுதி பதிவு பார்ப்பவருடையது. விண்ணப்ப எண், கணக்கிட்ட நாட்கள், கையிருப்பு, இன்னும் முடிவாகாத விண்ணப்பங்களின் நாட்கள், இதை ஏற்றால் மிஞ்சுவது. மூன்றாம் பகுதியில் ஏற்பு அல்லது மறுப்பு, மறுத்தால் காரணம், கையெழுத்து, தேதி.

நாட்களின் எண்ணிக்கையைக் கேட்பவரிடம் விடாமல் இரண்டாம் பகுதியில் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தேதியைச் சொல்வது அவர் வேலை. எண்ணுவது பதிவு பார்ப்பவர் வேலை. ஆளுக்கொரு விதமாக எண்ணினால் பேரேடு நேராக இருக்காது.

விடுப்புக்குக் காரணம் கேட்கலாமா?

வகையைக் கேளுங்கள், கதையைக் கேட்காதீர்கள். ஆண்டு விடுப்பு, உடல்நலக் குறைவு, சம்பளமில்லா விடுப்பு என்று மூன்று வகையில் தொடங்கினால் சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் போதும். சட்டப்படி தர வேண்டிய வேறு வகைகள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். ஆண்டு விடுப்பு ஊழியருக்கு உரியது. எதற்கு என்று கேட்க அங்கே வேலையில்லை.

நான் போட்ட முதல் படிவத்தில் காரணத்துக்கு மூன்று வரி இடம் விட்டு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றும் போட்டிருந்தேன். பாதிப் பேர் "சொந்த வேலை" என்று எழுதினார்கள். மீதிப் பேர், கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று பயந்து எதையாவது ஜோடித்தார்கள். ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை, நாலு பேரைப் பொய் சொல்ல வைத்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் ஒரு வரி விட்டு, "விரும்பினால்" என்று பக்கத்தில் போட்டுவிடுகிறேன். மறுப்பவருக்குத்தான் காரணம் கட்டாயம். அந்த வரி காலியாக இருந்தால் மறுப்பு செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நாள் விடுப்பை எப்படிக் குறிப்பது?

"ஆம் / இல்லை" போதாது. முதல் நாளா கடைசி நாளா, காலையா பிற்பகலா என்று தெரிய வேண்டும். தேதிக் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு சிறு கட்டங்கள் போடுங்கள்: "முதல் நாள் பிற்பகலிலிருந்து மட்டும்", "கடைசி நாள் முற்பகல் மட்டும்". டிக் அடிக்கும் ஒவ்வொன்றுக்கும் 0.5 கழியும். ஒரே நாள் விடுப்பாக இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் டிக் அடிக்கலாம். இரண்டையும் அடித்தால் விடுப்பு பூஜ்யமாகிவிடும். அப்படி ஒரு படிவம் வந்தால் சிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

மணிக்கணக்கில் விடுப்பு தரலாமா என்றும் கேட்பார்கள். பகுதி நேர ஊழியர்கள் அதிகம் இருந்தால் எல்லாவற்றையும் மணியிலேயே எழுதுவதுதான் சரி. இல்லையென்றால் அரை நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடையில் வார விடுமுறை வந்தால் அதுவும் விடுப்பில் சேருமா?

அதை உங்கள் நிறுவன விதிதான் தீர்மானிக்க வேண்டும். சட்டம் ஏதாவது சொல்லியிருந்தால் அதன்படி. எதுவாக இருந்தாலும் படிவத்தின் அடியில் ஒரே வரியில் அச்சிட்டுவிடுங்கள். பெரும்பாலும் வேலை நாட்களை மட்டும் எண்ணுவதே வழக்கம். அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம்.

P07 என்ற எண்ணுள்ள ஊழியர் 2026 ஜூன் 4, வியாழன் பிற்பகலிலிருந்து ஜூன் 9, செவ்வாய் முடிய விடுப்பு கேட்கிறார். திரும்பும் நாள் ஜூன் 10. நிறுவனத்துக்கு வார விடுமுறை ஞாயிறு மட்டும். ஜூன் 8, திங்கள் நிறுவனம் அறிவித்த விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் எண்ணினால் ஆறு நாள். ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று போனால் நான்கு. வியாழன் முற்பகல் வேலைக்கு வருகிறார் என்பதால் அரை நாள் கழிந்து 3.5.

எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதையே செய்ய ஒரு சூத்திரம் இருக்கிறது. E2 முதல் நாள், F2 கடைசி நாள், G2-வில் எத்தனை அரை நாள் டிக் என்ற எண். விடுமுறை நாட்களின் தேதிகளை 'விடுமுறை' என்ற தனித் தாளில் A2-விலிருந்து வரிசையாகப் போட்டுவைக்க வேண்டும்.

```
=NETWORKDAYS.INTL(E2,F2,11,'விடுமுறை'!$A$2:$A$20)-G2*0.5
```

நடுவில் வரும் 11 என்பதற்கு ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்று பொருள். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை என்றால் அந்த இடத்தில் 1 போடுங்கள். விடை எதிர்பார்த்தபடி வராவிட்டால் முதலில் தேதிகளைச் சந்தேகப்படுங்கள். 4/6 என்று தட்டினால் சில கணினிகள் அதை ஏப்ரல் 6 என்று எடுத்துக்கொள்ளும், சில ஜூன் 4 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தை எழுத்தில் காட்டும்படி அந்தக் கட்டத்தின் வடிவத்தை மாற்றி வைத்தால் தப்பு உடனே தெரியும்.

இருப்பு இருக்கிறது என்றுதானே ஒப்புதல் கொடுத்தோம். பிறகு எப்படிக் குறைந்துபோகிறது?

முடிவாகாத விண்ணப்பத்தைக் கணக்கில் எடுக்காததால். இது அடிக்கடி நடக்கும் தவறு. மேலே சொன்ன P07-இன் கதையையே தொடர்வோம்.

அவருக்கு ஆண்டு விடுப்பில் ஐந்து நாள் இருப்பு இருக்கிறது. 3.5 கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் 1.5 மிஞ்சும், கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அவரே ஜூன் 25, 26 இரண்டு நாளுக்கு முன்பே ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அது இன்னும் முதலாளி மேசையில் கிடக்கிறது. இதையும் அதையும் ஏற்றால் 5 − 2 − 3.5 = −0.5. அரை நாள் கடன்.

இரண்டாம் பகுதியில் "முடிவாகாதது" என்று தனிக் கட்டம் வைத்திருந்தால், தாள் முதலாளி கைக்குப் போகும்போதே இது எழுதியிருக்கும். முடிவுக்கு முன்னால் பேச நேரம் இருக்கும். அரை நாளைச் சம்பளமில்லா விடுப்பாக எடுக்கலாம், அல்லது தேதியைச் சுருக்கலாம். P07 வியாழன் முழுவதும் வேலைக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறார். பழைய தாளில் "திரும்பப் பெற்றது" என்று எழுதிவிட்டு, ஜூன் 5 முதல் 9 வரை என்று புதிய தாள் கொடுக்கிறார். வெள்ளி, சனி, செவ்வாய் என மூன்று நாள். மிஞ்சுவது பூஜ்யம். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், சம்பள நாளன்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பழைய தாளிலேயே தேதியை அடித்துத் திருத்தினால் ஆகாதா என்று கேட்பீர்கள். கையெழுத்து விழுமுன் கேட்பவரே திருத்திச் சுருக்கொப்பம் போட்டால் பரவாயில்லை. கையெழுத்து விழுந்த பிறகு ஒரு புள்ளிகூட மாறக்கூடாது.

ஒப்புதலுக்கு எத்தனை படிகள் வைப்பது?

இரண்டு போதும். பதிவு பார்ப்பவர் எண்களை நிரப்புகிறார், ஒருவர் முடிவு சொல்கிறார். பெரிய நிறுவனத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர், மேலாளர், முதலாளி என்று மூன்று கையெழுத்து வைத்தால், தாள் ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாள் தூங்கும். மூன்று பேர் போடும் இடத்தில் ஒவ்வொருவரும் "அடுத்தவர் பார்த்துக்கொள்வார்" என்று படிக்காமலே போடுவார்கள்.

படிகளின் வரிசைதான் முக்கியம். இருப்பு பார்ப்பது முடிவுக்கு முன்னால் வர வேண்டும். பல இடங்களில் முதலாளி "சரி போய்ட்டு வா" என்று சொல்லிவிடுவார். அப்புறம் தாள் பதிவுக்கு வரும்போதுதான் இருப்பு இல்லை என்று தெரியும். கொடுத்த வாக்கை யார் திரும்ப வாங்குவது?

மூன்று விஷயங்களை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒன்று, எத்தனை நாளில் பதில். இரண்டு வேலை நாள் என்பது சிறு நிறுவனத்துக்கு எட்டும் கெடு. இரண்டு, பதில் வராவிட்டால் என்ன பொருள். ஏற்பு என்றும் வைக்கலாம், மறுப்பு என்றும் வைக்கலாம். என் விருப்பம் இரண்டும் இல்லை: கெடு தாண்டினால் பதிவு பார்ப்பவர் தாளோடு நேரே போய் நிற்க வேண்டும். பேசாமல் இருப்பதை ஏற்பு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் பயணச்சீட்டு எடுத்துவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம். மூன்று, முடிவு சொல்பவர் இல்லாத நாளில் யார் சொல்வது. அந்த மாற்று ஆளின் பதவியைப் படிவத்திலேயே அச்சிடுங்கள். முடிவு சொல்பவரின் சொந்த விடுப்பும் இதே படிவத்தில்தான் வர வேண்டும். கூட்டாளி இருந்தால் அவர் கையெழுத்து, இல்லையென்றால் மாற்று ஆள் பார்த்ததாக ஒரு கையெழுத்து.

ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் கேட்டால் எப்படித் தெரிந்துகொள்வது?

விண்ணப்பங்களை ஒரு தாளில் வரிசையாக ஏற்றிவைத்திருந்தால் ஒரு சூத்திரம் சொல்லிவிடும். இரண்டு விடுப்புகள் மோதுகின்றன என்றால், ஒன்று மற்றது முடியும் நாளிலோ அதற்கு முன்போ தொடங்கியிருக்க வேண்டும், மற்றது தொடங்கும் நாளிலோ அதற்குப் பிறகோ முடிந்திருக்க வேண்டும். K நெடுவரிசையில் முடிவு எழுதப்படுகிறது என்று வைத்துக்கொண்டால்:

```
=COUNTIFS($E$2:$E$300,"<="&F2,$F$2:$F$300,">="&E2,$K$2:$K$300,"ஏற்பு")
```

இந்த விண்ணப்பம் இன்னும் முடிவாகாத நிலையில், அதே நாட்களில் ஏற்கெனவே ஏற்ற விடுப்புகள் எத்தனை என்று இது காட்டும். எண்ணைப் பார்த்தவுடன் மறுத்துவிட வேண்டாம். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் இல்லாமல் ஓடலாம். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த இருவரும் ஒரே நாளில் இல்லை என்றால் ஓடாது. அதனால்தான் "வேலையை யார் பார்த்துக்கொள்வார்" என்ற கட்டம். அங்கே பெயர் எழுதப்பட்டவரே அந்த நாட்களில் விடுப்பில் இருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன், அது போதாதா என்கிறார்கள். என்ன சொல்வது?

தகவலுக்குப் போதும், பதிவுக்குப் போதாது. "நாளைக்கு வர முடியாது சார்" என்ற செய்தியில் வகை இல்லை, எத்தனை நாள் என்று இல்லை, கட்டைவிரல் குறிக்கு ஏற்பு என்று பொருளா, பார்த்தேன் என்று பொருளா என்பதும் இல்லை. போன் மாறினால் செய்தியும் போய்விடலாம். செய்தி வந்தால் பதிலாக "சரி, வந்ததும் படிவம் கொடுங்கள்" என்று மட்டும் போடுங்கள்.

திடீரென்று உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே படிவம் எப்படிக் கொடுப்பார்கள்?

கொடுக்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. திரும்பி வந்த முதல் நாள் அதே படிவத்தை நிரப்பட்டும். இதற்கென்று ஒரே ஒரு கட்டம் சேருங்கள்: "எப்போது, யாரிடம் தெரிவித்தீர்கள்". அன்றைய நாளுக்கு ஆள் ஏற்பாடு செய்ய நேரம் இருந்ததா என்பதை அது காட்டும். இங்கே முதலாளி போடுவது அனுமதி அல்ல, நடந்ததைப் பார்த்துக் குறித்துக்கொண்டார் என்பதற்கான ஒப்பம். அதனால் மூன்றாம் பகுதியில் ஏற்பு, மறுப்பு இரண்டோடு "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ஒன்றையும் வையுங்கள்.

மருத்துவச் சான்று எத்தனை நாளுக்கு மேல் வேண்டும் என்பதையும் எழுதிவைத்துவிடுங்கள். சான்று வந்தால் படிவத்தில் "சான்று பார்க்கப்பட்டது" என்று டிக் போதும். என்ன நோய் என்று படிவத்தில் எழுதாதீர்கள். படிவக் கோப்பை நாலு பேர் புரட்டுவார்கள்.

பதிவேட்டை எப்படி வைத்தால் கணக்குத் தப்பாது?

இருப்பை அடித்து அடித்து எழுதும் வழக்கத்தை விடுங்கள். பலரும் ஒரு தாளில் பன்னிரண்டு பெயர், பக்கத்தில் இருப்பு என்று வைத்துக்கொண்டு, ஒருவர் விடுப்பு எடுத்ததும் 5-ஐ அழித்து 2 என்று போடுகிறார்கள். இப்படி ஏன் ஆனது என்று மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அந்த 2 பதில் சொல்லாது. யாராவது தவறுதலாக இரண்டு முறை கழித்திருந்தாலும் தெரியாது.

வங்கிப் புத்தகம் போல ஒரு பேரேடு வையுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி. வரவுக்குக் கூட்டல், செலவுக்குக் கழித்தல். எந்த வரியையும் பின்னால் மாற்றக்கூடாது, அழிக்கவும் கூடாது. P07-இன் பக்கம் ஜூன் பத்தாம் தேதி இப்படி இருக்கும்:

| தேதி | ஊழியர் | வகை | விண்ணப்ப எண் | நாள் | குறிப்பு |
|---|---|---|---|---|---|
| 2026-01-01 | P07 | ஆண்டு | – | +12 | ஆண்டுத் தொடக்க வரவு |
| 2026-02-10 | P07 | ஆண்டு | 2026-004 | −4 | |
| 2026-04-07 | P07 | ஆண்டு | 2026-012 | −3 | |
| 2026-05-29 | P07 | ஆண்டு | 2026-021 | −3 | ஜூன் 5 முதல் 9 வரை |
| 2026-06-01 | P07 | ஆண்டு | 2026-019 | −2 | ஜூன் 25, 26 |
| 2026-06-09 | P07 | ஆண்டு | 2026-021 | +1 | ஜூன் 9 வேலைக்கு வந்தார் |

முதல் நெடுவரிசையில் இருப்பது முடிவான தேதி, விடுப்புத் தேதி அல்ல. ஏற்றவுடனேயே செலவு எழுதிவிடுகிறோம். எடுத்து முடித்த பிறகு எழுதினால், இடைப்பட்ட வாரங்களில் அந்த நாட்கள் இன்னும் கையில் இருப்பது போலத் தோன்றும்.

இருப்பை எங்கும் எழுதிவைக்க வேண்டியதில்லை. கூட்டினால் வரும்.

```
=SUMIFS(E:E,B:B,"P07",C:C,"ஆண்டு")
```

இங்கே 12 − 4 − 3 − 3 − 2 + 1 = 1. யாராவது சந்தேகப்பட்டால் ஒவ்வொரு வரியின் விண்ணப்ப எண்ணையும் பிடித்துக் கோப்பில் உள்ள தாளை எடுத்துக் காட்டலாம். வகையை ஒருநாள் "ஆண்டு" என்றும் மறுநாள் "ஆண்டு விடுப்பு" என்றும் தட்டினால் மட்டும் கூட்டல் தப்பும். கீழிறங்கு பட்டியல் வைத்து அதிலிருந்து தேர்வு செய்யும்படி பூட்டிவிடுங்கள்.

காகித நோட்டிலும் இதையே செய்யலாம். ஆளுக்கு ஒரு பக்கம், கடைசி நெடுவரிசையில் ஓடும் இருப்பு. கணினி இல்லை என்பது ஒரு தடையே அல்ல.

ஏற்றுக்கொண்ட விடுப்பை ஒருவர் ரத்து செய்தால்?

மேலே உள்ள கடைசி வரிதான் பதில். P07 செவ்வாயே வேலைக்கு வந்துவிட்டார். பழைய −3-ஐ −2 ஆக்காமல், அதே விண்ணப்ப எண்ணில் +1 என்று புதிய வரி எழுதுகிறோம். படிவத்தின் பின்பக்கத்தில் "மாற்றம் / ரத்து" என்று நான்கு வரி இடம் விட்டு, எந்த நாள், ஏன், இருவர் ஒப்பம் என்று வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கென்று இன்னொரு படிவம் அச்சடித்தால் அது ஒருபோதும் சரியான தாளோடு போய்ச் சேராது.

எதிர்த்திசையும் உண்டு. ஏற்ற விடுப்பை நிறுவனம் ரத்து செய்ய வேண்டிவந்தால் அதே பின்பக்கத்தில் முதலாளி எழுதட்டும். ஊழியர் ஏற்கெனவே செலவு செய்திருந்தால் அதை யார் ஏற்பது என்பதையும் அங்கேயே எழுதிவிடுவது நல்லது.

கூகுள் ஃபார்ம் வைத்துச் செய்யலாமா?

தாராளமாக. கட்டாயக் கட்டம், தேதி தேர்வு, விண்ணப்பித்த நேரம் எல்லாம் தானாக வந்துவிடும். ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் இடறுகிறார்கள். பதில்கள் வந்து விழும் தாளிலேயே பக்கத்து நெடுவரிசைகளில் சூத்திரம் போடுவார்கள். புதிய பதில் புதிய வரியாக நுழையும்போது அந்தச் சூத்திரம் கூடவே இறங்காது, கட்டம் காலியாக நிற்கும். அதனால் பதில் தாளைத் தொடாமல் விட்டுவிட்டு, வேறொரு தாளில் அங்கிருந்து இழுத்துக் கணக்கிடுங்கள். முடிவும் பேரேடும் அந்த வேறு தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று, இணைப்பு கையில் இருப்பவர் யாரும் யார் பெயரிலும் நிரப்பலாம். மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பைப் போட்டு, முடிவை அந்த ஊழியரின் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கே அனுப்பினால், தன் பெயரில் வேறு யாரோ விண்ணப்பித்தது உரியவருக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டு மாறும்போது நடுவில் விழும் விடுப்பை எந்த ஆண்டில் எழுதுவது?

படிவம் ஒன்று, பேரேட்டில் வரி இரண்டு. டிசம்பர் 31 வரை உள்ள வேலை நாட்கள் பழைய ஆண்டின் இருப்பிலிருந்தும், ஜனவரி 1-க்குப் பிந்தையவை புதிய ஆண்டிலிருந்தும் கழியும். புதிய ஆண்டின் பேரேட்டைத் தனித் தாளாகத் தொடங்கி, கொண்டுவரப்பட்ட இருப்பு என்று முதல் வரி எழுதுங்கள். மீதியைக் கொண்டுவர உங்கள் விதி அனுமதிக்கவில்லை என்றால் பழைய பேரேட்டில் "காலாவதி" என்று ஒரு கழித்தல் வரி போட்டுப் பூஜ்யமாக்குங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டு யாராவது அதைக் கேட்பார்கள்.

பழைய படிவங்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

சம்பளப் பதிவுகளை உங்கள் சட்டம் எத்தனை ஆண்டு வைக்கச் சொல்கிறதோ, அவற்றோடு சேர்த்து அத்தனை ஆண்டு. ஏனென்றால் சம்பளத்தில் ஒரு நாள் ஏன் பிடிக்கப்பட்டது என்பதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம். படிவங்களை ஆள்வாரியாக அடுக்காமல் விண்ணப்ப எண் வரிசையில் அடுக்குங்கள். 020-க்குப் பிறகு 022 இருந்தால் ஒரு தாள் காணவில்லை என்று புரட்டும்போதே தெரியும். திரும்பப் பெற்றதும் மறுத்ததும்கூட அதே வரிசையில் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றுகள் மட்டும் வேறு உறையில், பூட்டிய அலமாரியில்.

படிவம் தயார். நேராக நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாமா?

அதற்கு முன் மூன்று பேரிடம் கொடுத்து, அவர்கள் கடைசியாக எடுத்த விடுப்பை எழுதச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் பேனா நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்தக் கட்டத்தின் தலைப்பை மாற்றுங்கள். ஒருமுறை "பொறுப்பாளர்" என்று நான் வைத்த கட்டத்தில் மூன்று பேரும் முதலாளியின் பெயரை எழுதினார்கள். நான் கேட்டது அந்த நாட்களில் வேலையைப் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளின் பெயரை.

அதே நாளில் ஒவ்வொருவருடைய தொடக்க இருப்பையும் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்து, "இது சரி" என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேரேட்டின் முதல் வரி அந்தத் தாளிலிருந்து வரட்டும்.